ரேக்கில் தங்கும் துணி: ஜவுளிக் கடையின் சரக்குச் சுழற்சி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி பகுதியில் சிறிய, நடுத்தர ஜவுளிக் கடை நடத்துபவர்களுக்காக இதை எழுதியிருக்கிறோம். கணக்கு புரிய வேண்டும் என்பதற்காகத் தருமபுரி பேருந்து நிலையத்துக்கு அருகே ஒரு கடை இருப்பதாக வைத்துக்கொள்கிறோம். கீழே வரும் தொகைகள் எல்லாம் அந்த மாதிரிக் கடைக்கு உரியவை.

சரக்கு வருஷத்துக்கு எத்தனை முறை சுழல்கிறது என்று எப்படிப் பார்ப்பது? ஆடிட்டர் ஒன்று சொல்கிறார், எனக்கு வேறொன்று வருகிறது.

விற்ற சரக்கின் அசலைச் சராசரி இருப்பால் வகுத்தால் சுழற்சி கிடைக்கும். இரண்டு பேருக்கு இரண்டு விடை வருவதற்குக் காரணம், மேலே எதைப் போட்டார்கள், கீழே எதைப் போட்டார்கள் என்பதுதான்.

மாதிரிக் கடையில் ஏப்ரல் 1 அன்று இருப்பு 44 லட்சம். வருஷம் முழுக்க 126 லட்சத்துக்குக் கொள்முதல். மார்ச் 31 அன்று இருப்பு 50 லட்சம். 44-ஐயும் 126-ஐயும் கூட்டி 50-ஐக் கழித்தால் 120 லட்சம். இதுதான் விற்ற சரக்கின் அசல். கல்லாவில் வந்த விற்பனைத் தொகை 160 லட்சம்.

அவசரத்தில் 160-ஐ 50-ஆல் வகுப்பவருக்கு 3.2 முறை வரும். இது தவறு. விற்பனையில் லாபம் சேர்ந்திருக்கிறது, இருப்பு அசல் விலையில் இருக்கிறது. 120-ஐ 50-ஆல் வகுத்தால் 2.4. இதிலும் ஒரு கோளாறு உண்டு. மார்ச் கடைசியில் ஜவுளிக் கடையின் ரேக் ஓரளவு இளைத்திருக்கும். புரட்டாசியில் தீபாவளிச் சரக்கு இறங்கும்போது அதே கடையில் 80 லட்சம் வரை நிற்கலாம். பன்னிரண்டு மாதக் கடைசி இருப்பையும் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்துப் பார்த்தால் மாதிரிக் கடைக்குச் சராசரி 60 லட்சம். 120-ஐ 60-ஆல் வகுக்க 2 முறை. அதாவது, ஒரு துணி கடைக்குள் வந்து வெளியே போகச் சராசரியாக 182 நாள் ஆகிறது.

ஒரே கடைக்கு 3.2, 2.4, 2 என்று மூன்று எண். மூன்றாவதை மட்டும் நம்புங்கள்.

இரண்டு முறை என்பது நல்லதா, கெட்டதா?

மொத்தக் கடைக்கு ஒரே எண்ணை வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது. வேட்டி, துண்டு, லுங்கி, உள்ளாடை ஒரு வேகத்தில் ஓடும், சேலை இன்னொரு வேகத்தில் ஓடும். இரண்டையும் கலந்து சராசரி எடுத்தால் ஒன்றின் நோயை மற்றொன்று மறைத்துவிடும்.

மாதிரிக் கடையில் வேட்டி, உள்ளாடைப் பிரிவு வருஷத்தில் 30 லட்சம் அசலுக்கு விற்கிறது, சராசரி இருப்பு 6 லட்சம்தான். ஐந்து முறை சுழற்சி, 73 நாள். சேலைப் பிரிவில் 20 லட்சம் அசலுக்கு விற்பனை, இருப்பு 18 லட்சம். ஒரு முறையைக் கொஞ்சம் தாண்டுகிறது, ஏறக்குறைய 328 நாள். கடையின் இருப்பில் முப்பது சதவீதம் சேலையில் கிடக்கிறது, விற்ற அசலில் அதன் பங்கு ஆறில் ஒன்றுதான்.

“சேலையில் லாபம் அதிகம், அதனால் மெதுவாகப் போகட்டும்” என்பார்கள். நியாயமான பேச்சுதான், ஆனால் அளந்து பார்த்துவிட்டுப் பேச வேண்டும். அளவுகோல் எளிது: ரேக்கில் முடங்கிய ஒவ்வொரு ரூபாயும் வருஷத்தில் எத்தனை பைசா மொத்த லாபம் தந்தது? சேலையில் 10 லட்சம் லாபம், முடங்கியது 18 லட்சம். ரூபாய்க்கு 56 பைசா. வேட்டி, உள்ளாடையில் லாபம் வெறும் 4.5 லட்சம், முடங்கியதோ 6 லட்சம். ரூபாய்க்கு 75 பைசா. ஒரு உருப்படிக்கு அள்ளித் தருவது போலத் தெரியும் சேலை, போட்ட பணத்துக்குத் துண்டை விடக் குறைவாகவே தருகிறது.

இதனால் சேலையை விட்டுவிட வேண்டும் என்று அர்த்தமில்லை. முகூர்த்தச் சேலை இல்லாத கடைக்குக் கல்யாண வீட்டார் ஏறவே மாட்டார்கள். அவர்கள் வராவிட்டால் அதே பில்லில் சேரும் வேட்டி சட்டையும் போய்விடும். பட்டுச் சேலையைப் பட்டுச் சேலையோடும், இளம்பிள்ளைச் சேலையை இளம்பிள்ளைச் சேலையோடும், போன வருஷத்தின் அதே பிரிவோடும் ஒப்பிடுங்கள். பக்கத்துக் கடை எண் உங்களுக்கு உதவாது.

எந்தச் சரக்கு பழசு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கம்ப்யூட்டரில் பார்த்தால் எல்லாம் புதுசு என்றே காட்டுகிறது.

பல கடைகள் ஏமாறும் இடம் இதுதான். பில் போடும் மென்பொருளில் “சேலை 800” என்று ஒரே உருப்படியாகப் பதிந்திருந்தால், வயதுக் கணக்கு அறிக்கை “முதலில் வந்தது முதலில் விற்றது” என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடும். நிஜத்தில் நடப்பது நேர் எதிர். நேற்று வந்த டிசைன் மேஜையில் விரிக்கப்படுகிறது, போன வருஷத்து டிசைன் கீழ்த் தட்டிலேயே கிடக்கிறது. நூறு சேலை விற்றால் மென்பொருள் பழைய நூற்றைக் கழித்துவிட்டு, இருப்பது எல்லாம் புதுசு என்கிறது.

அதனால் வயது துணியின் மேலேயே இருக்க வேண்டும். விலைச் சீட்டில் வந்த ஆண்டும் மாதமும் குறியீடாக இருக்கட்டும். ஜனவரிக்கு A, டிசம்பருக்கு L என்று வைத்தால், 25H என்பது 2025 ஆகஸ்டில் வந்த சரக்கு. வாடிக்கையாளருக்குப் புரியாது, பையனுக்குப் புரியும். அதோடு மூன்று மாதத்துக்கு ஒரு நிறம் என்று சின்ன ஒட்டு. ரேக்கின் முன் நின்று பார்த்தால், கையால் தொடாமலே எந்தத் தட்டில் எத்தனை பழைய நிறம் என்று தெரிந்துவிடும்.

பிறகு ஒரு விரிதாளில் ஒவ்வொரு டிசைனுக்கும் ஒரு வரி. B பத்தியில் வந்த தேதி, D பத்தியில் மீதியிருக்கும் துணியின் அசல் மதிப்பு. 180 நாளுக்கு மேல் கிடப்பது எவ்வளவு என்று அறிய:

```
=SUMIFS(D:D,B:B,"<"&TODAY()-180)
```

180 என்ற எண்ணைப் பிரிவுக்கு ஏற்ப மாற்றுங்கள். உள்ளாடைக்கு 120, பட்டுக்கு 365 என்று நாங்கள் வைப்போம். மாதிரிக் கடையில் இந்த வாய்ப்பாடு 12 லட்சம் என்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 12 லட்சத்தைச் சுற்றித்தான் அடுத்த பதில்கள்.

எண்ணும்போது துணியைப் பிரித்தும் பாருங்கள். பட்டில் மடிப்புக் கோட்டில் ஜரிகை கறுத்திருக்கும், அதே மடிப்பில் நெடுநாள் இருந்தால் இழை விட்டுப்போகும். வெள்ளைச் சட்டையில் காலர் ஓரம் மஞ்சள் ஏறியிருக்கும். உள்ளாடையில் இலாஸ்டிக் இழுத்தால் திரும்பி வராது. சன்னல் பக்கத்து ரேக்கில் மடிப்பின் வெளிப்பக்கம் மட்டும் நிறம் மங்கியிருக்கும். இவற்றுக்கு அசல் விலை இனிப் பொருந்தாது.

நான் வாங்குவதில் பிழையா, அல்லது ஊரில் பணப்புழக்கம் இல்லையா?

தேங்கிய சரக்கு எந்த உருவத்தில் கிடக்கிறது என்று பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். எல்லாப் பிரிவிலும் ஒரே நேரத்தில் சுழற்சி குறைந்தால் காரணம் வெளியே இருக்கலாம். பாலக்கோட்டிலும் ராயக்கோட்டையிலும் தக்காளி விலை விழுந்தால், மாங்காய்க் காய்ப்பு பொய்த்தால், கிராமத்து வாடிக்கையாளர் துணியைத்தான் முதலில் தள்ளிப்போடுவார். ஒரே ஒரு பிரிவிலோ, ஒரு வியாபாரியிடம் வாங்கியதிலோ மட்டும் தேங்கினால் ஊரைக் குறை சொல்ல முடியாது.

மாதத்தை மாதத்தோடு ஒப்பிடும்போது ஒரு கண்ணி உண்டு. தீபாவளி 2023-இல் நவம்பர் 12, 2024-இல் அக்டோபர் 31, 2025-இல் அக்டோபர் 20. அக்டோபர் விற்பனையை அக்டோபரோடு வைத்தால் கடை ஒரு வருஷம் செத்தது போலவும் மறு வருஷம் பறப்பது போலவும் தெரியும். தீபாவளிக்கு முந்தைய நாற்பது நாளை நாற்பது நாளோடு ஒப்பிடுங்கள். தைப்பூசத்துக்கும் இதே முறைதான்.

கொள்முதலில் நடக்கும் பிழைகளில் அதிகம் கவனிக்கப்படாதது அளவுகள். திருப்பூரிலிருந்து ஒரு சட்டை டிசைன் பன்னிரண்டு உருப்படி செட்டாக வருகிறது. 38, 40, 42, 44 என்று நாலு அளவு, ஒவ்வொன்றிலும் மூன்று. இரண்டே வாரத்தில் 40-உம் 42-உம் தீர்ந்துவிடுகின்றன, 38-இலும் 44-இலும் தலா ஒன்று போகிறது. பன்னிரண்டில் எட்டு விற்றாயிற்று, நல்ல டிசைன் என்று மறு செட் வருகிறது. மறுபடி நாலு மீதி. ஐந்து செட் முடியும்போது அறுபதில் இருபது சட்டை கிடக்கிறது. உருப்படிக்கு 350 என்றால் ஒரே டிசைனில் 7,000 ரூபாய். அதுவும் “நன்றாக ஓடுகிறது” என்று பெயர் வாங்கிய டிசைனில்.

இங்கே டிசைனில் குற்றமில்லை, செட்டின் விகிதத்தில்தான். பன்னிரண்டை 2, 4, 4, 2 என்று கட்டித் தரச் சொல்லுங்கள். தர மாட்டேன் என்றால் ஒரு தடவை முழு செட், மறு தடவை நடு அளவு மட்டும் என்று பேசுங்கள். அதற்கும் ஒப்பாதவரிடம் மறு செட் போடுவதை விடப் புது டிசைனுக்குப் போவது மேல்.

அளவு இல்லாத சேலையில் தேக்கத்துக்குக் காரணம் வேறு. “மொத்தமாக எடுத்தால் 40 ரூபாய் குறைவு” என்ற பேச்சுக்கு மயங்கி, ஒரே டிசைனில் பத்து நிறம் எடுப்பது. நாலு நிறம் போகும், ஆறு தங்கும். விலையில் கிடைத்த 40 ரூபாயைத் தங்கிய ஆறும் தின்றுவிடும்.

கணக்கில் லாபம் வருகிறது, கையில் மட்டும் காசு நிற்பதில்லை. ஏன்?

மாதிரிக் கடையில் மொத்த லாபம் 40 லட்சம். வாடகை, சம்பளம், மின்சாரம், வட்டி எல்லாம் 30 லட்சம். மீதி 10 லட்சம் லாபம் என்று கணக்கு சொல்கிறது. இருப்பு 44-இலிருந்து 50-க்கு ஏறியதை நினைத்துப் பாருங்கள். அந்த 6 லட்சம் லாபத்தில் சேர்ந்திருக்கிறது, ஆனால் துணியாக ரேக்கில் இருக்கிறது. வீட்டுச் செலவுக்கு மாதம் 60,000 எடுத்தாலே வருஷத்துக்கு 7.2 லட்சம். ஆனால் 10-இல் அந்த 6 போகக் காசாக மிச்சமிருப்பது 4 லட்சம்தான். பற்றாக்குறை வியாபாரிகளுக்குத் தர வேண்டிய பாக்கியாக மாறுகிறது.

இன்னொன்று, அந்த லாபமே முழுதாக உண்மையில்லை. கணக்கியல் தரநிலைப்படி (ஏ.எஸ். 2) இருப்பை அசல் விலை, விற்றால் கிடைக்கக்கூடிய விலை, இரண்டில் எது குறைவோ அதில் மதிப்பிட வேண்டும். 180 நாள் தாண்டிய 12 லட்சம் சரக்கை இன்று தள்ளினால் 7 லட்சம்தான் கிடைக்கும் என்றால், இருப்பு 45 லட்சம், லாபம் 5 லட்சம். பழைய சரக்கை முழு அசலில் எழுதிவரும் கடை, சம்பாதிக்காத பணத்துக்கு வரி கட்டிக்கொண்டிருக்கிறது. மதிப்பைக் குறைக்க ஆதாரம் வேண்டும்: எந்த டிசைன், எப்போது வந்தது, அதே சரக்கு பிறகு என்ன விலைக்குப் போனது என்ற பில். ஒட்டுமொத்தமாகப் பத்து சதவீதம் கழித்தேன் என்று எழுதினால் நிற்காது.

வங்கியில் இதன் விளைவு வேறு விதம். சி.சி. கணக்கில் எவ்வளவு எடுக்கலாம் என்பது பொதுவாக இருப்பிலிருந்து வியாபாரிகள் பாக்கியைக் கழித்து, மார்ஜின் போக மிஞ்சுவது. இருப்பு 50, பாக்கி 14, மிச்சம் 36. மார்ஜின் 25 சதவீதம் என்றால் 27 லட்சம். உங்கள் அனுமதிக் கடிதத்தில் “இத்தனை நாளுக்கு மேற்பட்ட சரக்கு சேராது” என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். இருந்து, அந்த 12 லட்சத்தைக் கழித்துவிட்டால் எடுக்கக்கூடியது 18 லட்சமாக இறங்கும். தீபாவளிக் கொள்முதலுக்கு முன் ஒரு ஆய்வாளர் வந்து பழைய ஒட்டுகளை எண்ணினால் 9 லட்சம் ஒரே நாளில் குறையும். இதற்குப் பயந்து ஸ்டாக் ஸ்டேட்மெண்டில் வயதை மாற்றி எழுதாதீர்கள். அது வங்கியை ஏமாற்றுவதாகவே பார்க்கப்படும்.

இதற்குள் வியாபாரி பாக்கியும் நீளும். உத்யம் பதிவு பெற்ற சிறு உற்பத்தியாளருக்கு 2006-ஆம் ஆண்டு எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல், கெடு தாண்டிய பாக்கியை உண்மையில் செலுத்திய ஆண்டில்தான் வருமான வரியில் செலவாகக் காட்ட முடியும். 328 நாளில் விற்கும் சேலைக்கு 45 நாளில் பணம். இந்த இடைவெளியை நிரப்ப ரொக்கத் தள்ளுபடி போகும், பிறகு நல்ல டிசைனை முதலில் காட்டும் மரியாதை போகும். கடனுக்குத் தருபவரிடம் கிடைத்ததை எடுக்க வேண்டிவரும். அதுவும் தேங்கும். கடை நோய்ப்படுவது இந்த வரிசையில்தான், கல்லாவில் விற்பனை குறைவதற்கு வெகு முன்பே.

அசலுக்குக் கீழே விற்பது நஷ்டம்தானே?

ஒரு வருஷமாகக் கிடக்கும் சேலை. அசல் 800. இப்போது 700-க்குத் தள்ளினால் 100 நஷ்டம். அந்த 700-ஐ வேட்டி, உள்ளாடையில் போட்டால் அசலுக்கு 15 சதவீத லாபம், அதாவது 105 ரூபாய், ஒரு சுற்றுக்கு. ஒரு சுற்று 73 நாள். இழந்த 100 இரண்டரை மாதத்தில் திரும்பிவிடுகிறது.

இந்தக் கணக்குக்கு ஒரு நிபந்தனை உண்டு. அந்தப் பிரிவில் “இல்லை” என்று திருப்பி அனுப்பும் வாடிக்கையாளர் இருக்க வேண்டும். ஏற்கனவே நிறைந்த ரேக்கில் மேலும் 700 போட்டால் அங்கேயும் வேகம் குறையும். வந்து கேட்டு இல்லாமல் போனதை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பணம் எங்கே போக வேண்டும் என்பது அந்த நோட்டிலிருந்து தெரியும்.

தள்ளுபடியைப் படிப்படியாகக் கொடுங்கள்: 120 நாளில் பத்து சதவீதம், 180-இல் இருபத்தைந்து, ஆடியில் அசல். ஆனால் எல்லாச் சரக்கையும் ஆடித் தள்ளுபடியில் கொட்டாதீர்கள். நன்றாக ஓடும் துணிக்கும் சேர்த்துக் குறைத்தால் வாடிக்கையாளர் அதைத்தான் எடுப்பார், பழசு அங்கேயே இருக்கும், லாபமும் போகும்.

பழைய துணியை இலவசமாகக் கொடுத்துவிட்டால் ஜி.எஸ்.டி.யில் சிக்கல் வருமா?

வரும். பரிசாகவோ இலவச மாதிரியாகவோ கொடுத்தாலும், கெட்டுப்போனது என்று கணக்கிலிருந்து நீக்கினாலும், அந்தச் சரக்குக்கு எடுத்த உள்ளீட்டு வரியைத் திருப்ப வேண்டும். சட்டத்தின் 17(5)(h) பிரிவு இதைச் சொல்கிறது. “ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்” அப்படியல்ல. ஒரே விலைக்கு இரண்டு விற்றதாகவே அது கருதப்படும் என்று 2019-இல் வந்த சுற்றறிக்கை தெளிவாக்கியிருக்கிறது. அதனால் உள்ளீட்டு வரி போகாது. குறைந்த விலைக்கு விற்பதிலும் தடையில்லை, தள்ளுபடி பில்லிலேயே தெரிந்தால் குறைத்த விலைக்குத்தான் வரி.

ரெடிமேடில் ஒரு விஷயம். 2025 செப்டம்பர் 22 முதல் உருப்படி 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18. தேங்கிய 2,800 ரூபாய் லெஹங்காவை வரிக்கு முந்தைய விலையில் 2,500-க்கு இறக்கினால் நீங்கள் விடுவது 300, வாடிக்கையாளருக்குக் குறைவது 679.

ஒரு வருஷமாக அசையாத உருப்படிகளைத் தேடினால் பாதி ரேக்கிலேயே இல்லை. என்ன அர்த்தம்?

அது தேங்கிய சரக்கே அல்ல, கணக்கில் மட்டும் வாழும் சரக்கு. திருட்டு என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். பெரும்பாலும் பில்லில் வேறு குறியீட்டை அடித்திருப்பார்கள். 800 ரூபாய்ச் சேலைகள் இரண்டு வகை இருந்தால், சீட்டைப் பார்க்காமல் எப்போதும் ஒன்றையே அடிக்கும் பழக்கம். அப்போது ஒரு வகை அசையாமல் நிற்கும், மற்றது கழித்தல் குறியில் போகும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், கூட்டுத்தொகை சரியானால் பிழை பில் மேஜையில். கூட்டினாலும் குறைந்தால், வியாபாரிக்குத் திருப்பி அனுப்பியதைப் பதியாமல் விட்டார்களா என்று பாருங்கள். அதற்கும் பிறகு மிஞ்சுவதுதான் காணாமல் போனது. தினம் ஒரு தட்டு என்று எண்ணினால் கடையை மூடாமலே இரண்டு மாதத்தில் ஒரு சுற்று முடியும்.

போன வருஷம் 2, இந்த வருஷம் 2.4 முறை. கடை தேறிவிட்டதா?

மேலே உள்ள எண்ணால் ஏறியதா, கீழே உள்ள எண்ணால் ஏறியதா என்று பாருங்கள். அசல் 120-இலிருந்து 132-க்கு ஏறி, இருப்பு 55-க்கு இறங்கியிருந்தால் தேறியது. அசல் 108-க்கு விழுந்து, வாங்கப் பணமில்லாமல் இருப்பு 45-க்கு இறங்கியிருந்தாலும் விடை அதே 2.4 தான்.

இரண்டாவது வகையை ரேக்கிலேயே பார்க்கலாம். 40, 42 அளவு இருக்காது, 38-உம் 44-உம் இருக்கும். இருப்பு குறைந்தது நன்றாக ஓடுவதில், 180 நாள் தாண்டியது அதே 12 லட்சம். இருப்பில் அதன் பங்கைக் கணக்கிடுங்கள். 50 லட்சத்தில் 12 என்றால் 24 சதவீதம், 40 லட்சத்தில் அதே 12 என்றால் 30. சுழற்சி ஏறும் அதே மாதங்களில் இந்தப் பங்கும் ஏறினால், அடுத்த கொள்முதலுக்குப் போவதற்கு முன் பழைய நிற ஒட்டுள்ள துணியைக் கீழ்த் தட்டிலிருந்து எடுத்து மேஜைக்குக் கொண்டுவாருங்கள்.